இன்று மாலை வந்த சூறாவளி அறிவித்தலை எப்படி வாசிப்பது: கரையோரக் குடும்பங்களுக்கு

வளிமண்டலவியல் திணைக்களத்தின் மாலை 5.30 மணி அறிவித்தல் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. முல்லைத்தீவுக்குக் கிழக்கே 280 கிலோமீற்றரில் ஆழ்ந்த தாழமுக்கம், வடமேற்காக நகர்கிறது, 24 மணித்தியாலத்துக்குள் சூறாவளியாக வலுப்பெறலாம். கடலுக்கு சிவப்பு, தரைக்கு செம்மஞ்சள். "சிவப்பாம், ஓடுவோமா?" என்று பருத்தித்துறையிலும் குருநகரிலும் ஒரே கேள்வி.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எதற்கு அந்த நிறம், எந்த இடத்துக்கு, எத்தனை மணி வரைக்கும் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் இப்போதே செய்யுங்கள். இன்றைய சிவப்பு கடலுக்கு, அதனால் கடலில் நிற்கிறவர்கள் உடனே கரைக்கு வரவேண்டும், புதிதாக யாரும் இறங்கக்கூடாது. தரைக்கு இன்னும் செம்மஞ்சள்தான், ஆனால் அடுத்த அறிவித்தலில் அது மாறலாம், ஆகவே கையில் இருக்கிற நேரம் இன்றிரவும் நாளை காலையும்தான்.

கடற்பரப்பை எழுதும் விதத்தையும் கவனியுங்கள். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக" என்று வந்தால் அது பருத்தித்துறை, வடமராட்சி கிழக்குப் பக்கம். "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக காங்கேசன்துறை வரை" என்றால் தீவகமும் குருநகர், நாவாந்துறை ஆட்கள் தொழிலுக்குப் போகிற கடலும். இன்று இரண்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டு டிவியில் சொல்லும் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் அங்குள்ள துறைமுகங்களுக்கானவை, அவற்றைக் கேட்டு இங்கே பதறவேண்டாம்.

அப்புறம் காற்று. மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை தாழமுக்கம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழமுக்கம், 63 ஐத் தொட்டால்தான் சூறாவளி, பெயரும் அப்போதுதான் வைப்பார்கள். 89க்கு மேலே கடும் சூறாவளி. இதெல்லாம் மையத்தைச் சுற்றி வீசும் காற்றின் கணக்கு, மழையின் கணக்கு இதில் இல்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது அது ஆழ்ந்த தாழமுக்கம்தான், ஃபெங்கல் என்ற பெயர் 29ஆம் திகதிதான் வந்தது. பெயர் வரட்டும் பார்ப்போம் என்று இருந்தவர்களுக்கு முழங்கால் தண்ணீரில்தான் விடிந்தது.

"50-60, இடைக்கிடை 75 வரை" என்று போட்டிருக்கிறதே, அதில் 75 ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டையும் தகரத்தையும் பிடுங்குவது அந்த திடீர் வீச்சுத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

அலை 2.5 முதல் 3.5 மீற்றர் என்பது ஆழ்கடலுக்கு. ஆனால் "கடல்நீர் தரைக்குள் வரலாம்" என்ற வரி அறிவித்தலில் வந்தால், அதற்குப் பிறகு கரையோரத்தில் இருந்து யோசிக்கவே கூடாது. பாக்குநீரிணைக் கடல் ஆழமில்லாதது, காற்று தள்ளும் தண்ணீர் அதில் உயரமாக ஏறும். 1964 டிசம்பரில் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்தது அப்படி ஏறிய கடல்தான்.

இன்றிரவு செய்யவேண்டியவை: வள்ளங்களைக் கரையில் நன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள், எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வாடியில் வலையையும் மண்ணெண்ணெயையும் விடாதீர்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டுங்கள். குடிதண்ணீரை இப்போதே நிரப்பி மூடி வையுங்கள், ஏனென்றால் வெள்ளமோ உப்புத்தண்ணீரோ கிணற்றுக்குள் போனால் கிணற்றை இறைத்து குளோரின் போடும்வரை அது குடிக்க உதவாது. போன், டோர்ச் சார்ஜ் செய்யுங்கள். முற்றத்தில் கிடக்கும் தகரத்தை உள்ளே எடுங்கள், காற்றில் அது வெட்டும். முருங்கைக்கும் தென்னைக்கும் கீழே யாரும் படுக்கவேண்டாம்.

கிடுகு, தகரக் கூரை வீடுகளிலும் பள்ளமான காணிகளிலும் இருப்பவர்கள் நாளை மத்தியானத்துக்கு முன்பே, வெளிச்சத்தோடு, கிராம சேவகர் சொல்லும் பாடசாலைக்குப் போய்விடுங்கள். நடக்கமுடியாத அம்மம்மா, அப்பப்பா, கர்ப்பிணிகளை முதலில் அனுப்புங்கள், தரைக்கு சிவப்பு வரட்டும் என்று அவர்களை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொன்று. காற்று சட்டென்று ஓய்ந்து வானம் வெளித்தால் அது மையம் மேலே நிற்பதாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். வள்ளத்தைப் பார்க்க ஓடாதீர்கள். முடிந்துவிட்டது என்று அறிவித்தலில் வரும்வரை உள்ளேயே இருங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடவேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, எந்த நேரமும் எடுக்கலாம்.