கொலுசு மாட்டிய கால் யாருடையது?

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, மெருகேற்றி முடிப்பதற்குள் ஒரு கொலுசு பல கைகள் மாறிவிடும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை கறுப்பு, இல்லையென்றால் மாநிறம். வாங்கிப் போடுகிற கால்களும் அப்படித்தான். கடை விளம்பரத்தில் கொலுசு மாட்டியிருக்கும் கால் மட்டும் ரோஜா கலந்த வெள்ளை.

வியாபாரக் கணக்குப்படி பார்த்தாலும் இது பொருந்தவில்லை. வெள்ளி எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அதன் பின்னணி அடர்த்தியாக இருக்க வேண்டும். அதனால்தான் கடைக்காரர் அடர்நிற வெல்வெட்டை விரித்து அதன்மேல் வைத்துக் காட்டுகிறார். கறுத்த கணுக்காலில் மின்னுகிற அளவுக்கு வெளுத்த கணுக்காலில் வெள்ளி மின்னாது. தன் சரக்குக்கே பாதகமான நிறத்தை விளம்பரம் விரும்பித் தேர்ந்தெடுக்கிறது என்றால், அங்கே கொலுசோடு சேர்த்து வேறொன்றும் விலைபோகிறது. அந்தக் கால் வெயிலில் நடக்காத கால். வேலை செய்து பிழைக்கத் தேவையில்லாத உடல் என்ற கனவைத்தான் விளம்பரம் நிறத்தின் வழியாக விற்கிறது.

உடலைச் சமூகவியல் பார்க்கும் விதம் இங்கே கைகொடுக்கும். நடப்பது, உட்காருவது, நீந்துவது போன்ற சாதாரண அசைவுகள்கூட சமூகம் கற்றுக்கொடுத்தவை என்று 1930களிலேயே பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் காட்டினார். ஒருவருடைய வர்க்கம் அவர் உடலில் படிந்திருக்கிறது, அந்த உடலே பிறகு மூலதனமாகவும் செலவாணியாகிறது என்பது அவருக்குப் பின் வந்த இன்னொரு பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் வாதம். பெண் பார்க்கும் படலத்திலும், கடை வரவேற்பறை வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் நிறம் அப்படித்தான் செலவாணியாகிறது. நடையையோ பேச்சையோ பழகி மாற்றிக்கொள்ளலாம். நிறம் அப்படியில்லை. அதன் பெரும்பகுதி பிறப்போடு வருவது, ஒரு பகுதி வெயில் தருவது. இரண்டையும் குழப்பி, கறுப்பு என்றாலே வெயிலில் நின்றவர், வெயிலில் நின்றவர் என்றாலே கீழானவர் என்று பார்வை பழகிவிட்டது. நிறமும் சாதியும் நேர்க்கோட்டில் பொருந்துவதில்லை என்பது எந்தத் தமிழ்க் குடும்பத்தின் குரூப் போட்டோவைப் பார்த்தாலும் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைக்கே நிறம் வேறு. இருந்தும் முன்பின் தெரியாத ஒருவரின் நிறத்தை வைத்து அவருடைய சாதியை ஊகிக்கிற பழக்கம் போகவில்லை. விளம்பரம் சாதிப் பெயரை உச்சரிக்காமலே அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது.

சேர்வராயன் மலையில் இதே கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. ஏற்காட்டில் காபி 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பயிர். பழம் பறிப்பதில் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் உழைப்பு பெரிது. தங்கும் விடுதி விளம்பரங்களில் காபிச் செடி வரும், பனிமூட்டம் வரும், அதற்கு நடுவே சிவந்த நிறத்தில் ஒரு ஜோடி வரும். பழம் பறிக்கிற பெண் வரமாட்டார். வந்தாலும் மிளகுக்கொடியைப் போல இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாக நிற்பார், விருந்தாளியாகக் காட்டமாட்டார்கள்.

பெரிய கம்பெனி விளம்பரத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்த அழகுக் கணக்கு வீட்டுக்குள் நுழையும் இடம் ஃப்ளெக்ஸ் கடை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் படத்தைப் பத்தடிக்கு அடித்துத் தெருமுனையில் கட்டுகிறோம். அந்தக் குழந்தையின் முகம் ஊருக்கு முன்னால் இவ்வளவு பெரிதாக வருவது அதுவே முதல் தடவை. "கொஞ்சம் கலர் ஏத்திடலாமாண்ணே?" என்று டிசைனர் கேட்பார், அப்பா தலையாட்டுவார். பல கடைகளில் கேட்பதுகூட இல்லை.

கலர் ஏற்றுவது எப்படி என்று பார்த்தால் அதன் வன்முறை புரியும். இந்தியத் தோல் எந்த அளவு கறுப்பாக இருந்தாலும் படம் திருத்தும் மென்பொருளின் ஆரஞ்சு நிற வரம்பில்தான் பெரும்பாலும் விழும். அதில் ஒளிர்வைக் கூட்டி, நிறச்செறிவைக் குறைத்தால் முகம் வெளுக்கும். ஆனால் பட்டுச்சேலையின் ஜரிகையும் மஞ்சள் பூசிய கன்னமும் அதையொட்டிய வரம்பில் இருப்பதால் அவையும் சேர்ந்து சாயம் போகும். அதனால் டிசைனர் முகத்தை மட்டும் தனியாக வெட்டி வெளுப்பார். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று மூன்று துண்டாகப் பெண் நிற்பாள். கன்னத்தின் நிழல் போய்விடுவதால் மூக்கும் தாடையும் தட்டையாகும். படத்தில் இருப்பது தான்தான் என்று அந்தக் குழந்தைக்கே நம்பிக்கை வராது. நீ இப்போது இருப்பதுபோல் ஊருக்குக் காட்ட முடியாது என்பதை அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அவளைக் கொண்டாட வந்த குடும்பமே. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

கிரீம் விளம்பரத்தின் இலக்கணமும் இதே வெட்டி ஒட்டல்தான். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. கறுத்த முகம் சோர்ந்திருக்கும், வெளுத்த முகம் சிரிக்கும், வேலையோ மாப்பிள்ளையோ கிடைக்கும் என்ற கதையைப் பல தலைமுறை பார்த்து வளர்ந்தது. 2005இல் ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2014இல் விதி வகுத்தது: கறுத்த நிறத்தவரைச் சோகமாகவோ தாழ்வாகவோ காட்டக் கூடாது, நிறத்தைச் சாதி, தொழில், வசதியோடு முடிச்சுப் போடக் கூடாது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கதையைத் தடுத்தாலும் ஆள் தேர்வைத் தடுக்க விதி இல்லை. சோக முகம் போனது. சிரிக்கிற முகத்தின் நிறம் பெரிதாக மாறவில்லை.

உடலுக்கு நேரடிக் கேடும் உண்டு. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் சில டியூப்களில் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வையில் மங்குக்குச் சில வாரம் பூசுகிற மருந்து அது. சிவப்பழகு கிரீம் என்று நினைத்து மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். ரத்தக்குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து தகிக்கும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். தானாக நிறுத்தித் தவிக்காமல் தோல் மருத்துவரிடம் டியூபையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. லேபிள் சரியில்லாத சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அது கேட்பது, சொன்னது பொய்யா என்பதைத்தான். கொலுசு விளம்பரத்தின் வெள்ளைக் கால் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தெருமுனை ஃப்ளெக்ஸில் முகத்தை வெளுப்பதையோ இந்த விதிகள் தொடுவதே இல்லை.

ஆகவே மாற்றம் ஸ்டுடியோவிலிருந்துதான் தொடங்க முடியும். வெள்ளை வேட்டியும் வெளிச்சமான பின்னணியும் இருந்தால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் நடுத்தரத்துக்கு இறக்கும், கறுத்த முகம் இருண்டுபோகும். வெளிச்சத்தை முகத்தில் அளக்க வேண்டும். கறுத்த தோல் தன் மினுமினுப்பால் வடிவம் காட்டுவது. ஆகவே நேர் ஃப்ளாஷை விட்டு, பெரிய மென்விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷனைப் பூசினால் முகம் சாம்பல் பூத்துத் தெரியும், அதனால் தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் பூசிப் பார்த்து நிறம் எடுக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே, "முகத்துல கலர் ஏத்தாதீங்க, இருக்கிறபடியே அடிங்க" என்று குடும்பத்தில் ஒருவர் சொல்லி, அச்சுக்குப் போகும் முன் புரூஃபில் முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.