தரவுக் கசிவு: அவசரக் கூட்டக் குறிப்பு

செவ்வாய், மாலை 4:10 முதல் 5:35 வரை, வீடியோ அழைப்பில்.
இருந்தவர்கள்: நிர்வாக இயக்குநர், பாதுகாப்புப் பொறியாளர், சட்ட ஆலோசகர், வாடிக்கையாளர் சேவைத் தலைவர், செய்தித் தொடர்பாளர். குறிப்பு எழுதியது தரவுப் பாதுகாப்பு அலுவலரான நான்.

உறுதியாகத் தெரிந்தது

ஞாயிறு இரவு 11:52-க்கு வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவரின் கணக்கில் அவர் அல்லாத யாரோ நுழைந்து, `tickets_export.csv` கோப்பை முழுசாக டவுன்லோட் செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் புகார்கள் பதிவாகும் அந்தப் பழைய டிக்கெட் கருவியில் இரட்டைச் சரிபார்ப்பு கிடையாது. நமக்குத் தெரியவந்தது இன்று காலை 9:20. கணக்கை 9:45-க்கு முடக்கி, திறந்திருந்த எல்லா செஷனையும் வெளியேற்றியாகிவிட்டது.

கோப்பில் 18,400 பேரின் பெயர், போன் எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, அவர்கள் நமக்கு எழுதிய புகார்கள் எல்லாம் இருக்கின்றன. பாஸ்வேர்டுகளும் கார்டு எண்களும் அந்தக் கருவியில் இல்லவே இல்லை. 312 பேர் அடையாள அட்டைப் படம் இணைத்திருந்தார்கள், அதற்கான லிங்குகளும் கோப்பில் போய்விட்டன. லாகின் இல்லாமலே திறக்கும் லிங்குகள் அவை. 10:30-க்குச் செல்லாததாக்கினோம், ஆனால் அதற்குள் 41 பேரின் படங்கள் கோப்பை இறக்கிய அதே ஐபி முகவரிக்கு இறங்கியிருப்பதை லாக் காட்டுகிறது.

இன்னும் தெரியாதது

பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. போலி லாகின் பக்கமாக இருக்கலாம் என்றார் பொறியாளர், ஆனால் ஆதாரம் கைக்கு வரும்வரை அது வெளியே போகும் எந்த எழுத்திலும் இருக்கக் கூடாது. லாக் 30 நாட்களுக்குத்தான் இருக்கிறது. அதற்கு முன்பு யாராவது நுழைந்தார்களா என்று சொல்ல முடியாது, எனவே "இது ஒருமுறைதான் நடந்தது" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பழைய லாக் கேட்டு கருவி நிறுவனத்துக்கு இன்றிரவே பொறியாளர் எழுதுகிறார்.

யாருக்கு, எப்போது

ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல நமக்கு 72 மணி நேரம், அதாவது வெள்ளி காலை 9:20 வரை. எண்ணிக்கை முழுசாகச் சரிபார்த்த பிறகு அனுப்பலாம் என்றார் சட்ட ஆலோசகர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் அறிக்கையை இப்போது கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு சேர்க்க விதியிலேயே இடம் இருக்கும்போது கடைசி நாள் வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. முடிவு: புதன் காலை 11 மணிக்கு முதல் அறிக்கை, எழுதி அனுப்புவது நான்.

18,400 பேருக்கும் புதன் நண்பகல் மின்னஞ்சல். அதில் எந்த லிங்கும் இருக்காது, ஏனென்றால் இதே செய்தியைப் போலவே மோசடி மின்னஞ்சல் நாளைக்கே வரும். "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை" என்ற வரியை அடித்துவிட்டோம். முதல் வரி இப்படி: "உங்கள் பெயர், போன் எண், முகவரி, நீங்கள் எங்களுக்கு எழுதிய புகார் ஆகியவை ஞாயிறு இரவு வேறொருவர் கைக்குப் போய்விட்டன."

யார் பேசுவது

இதில்தான் அதிக நேரம் பேசினோம். தன் முகவரி இன்னாருக்குத் தெரியக் கூடாது என்று நம்மிடம் எழுதிக் கேட்டுக்கொண்டவர்கள் 27 பேர் அந்தக் கோப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வெறும் ஸ்பேம் தொல்லை அல்ல, உயிர் பயம். இவர்களை மின்னஞ்சலுக்கு முன்பே, இன்றிரவே சேவைத் தலைவர் தானே அழைக்கிறார். போனை வேறு யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்லக் கூடாது, குரல் பதிவும் விடக் கூடாது. சம்பந்தப்பட்டவரே பேசினாலும் "இப்போது தனியாகப் பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வீடு மாற வேண்டிய நிலை வந்தால் செலவை நிறுவனம் ஏற்கும், நிர்வாக இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

அடையாள அட்டை கொடுத்த 312 பேரையும் சேவைக் குழுவின் மூத்தவர்கள் ஆறு பேர் புதன் காலை 8 மணி முதல் அழைக்கிறார்கள், படம் இறங்கிய 41 பேரை முதலில். மற்ற 271 பேரிடம் "உங்கள் படம் இறங்கியதாக லாகில் இல்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும், "பாதுகாப்பாக இருக்கிறது" என்று உறுதி தரக் கூடாது. பிறந்த தேதி, ஓடிபி எதையும் கேட்கக் கூடாது. சந்தேகப்பட்டால், போனை வைத்துவிட்டு செயலியில் உள்ள எண்ணுக்கு அவர்களே அழைக்கட்டும், அது நல்லதுதான்.

பத்திரிகைகளுக்குச் செய்தித் தொடர்பாளர் மட்டும், அதுவும் மின்னஞ்சல் போன பிறகு. கணக்குக்கு உரிய ஊழியரின் பெயர் எங்கேயும் வராது. அவரிடம் நிர்வாக இயக்குநர் இன்றே நேரில் பேசுகிறார், அழைப்பு வேலையில் அவரைச் சேர்க்க வேண்டாம்.

டிக்கெட் கருவி, இரட்டைச் சரிபார்ப்பு வரும்வரை மூடியே இருக்கும். அடுத்த கூட்டம் புதன் காலை 9 மணி, 27 அழைப்புகளில் யாரைப் பிடிக்க முடியவில்லை என்பது முதல் விஷயம்.