பொருள்: பணி வாய்ப்புக் கடிதத்தில் (OL/2025/0147) பெயரும் பதவியும் திருத்த வேண்டி

வணக்கம் மேடம்,

12.06.2025 தேதியிட்ட ஆஃபர் லெட்டர் நேற்று மாலை கிடைத்தது, நன்றி. வேலையில் சேர எனக்கு முழுச் சம்மதம். சம்பளம், சேரும் தேதி (21.07.2025), பணியிடம் மூன்றும் பேசியபடியே உள்ளன. கையெழுத்திடும் முன் இரண்டு விவரங்கள் மட்டும் திருத்த வேண்டும்.

முதலாவது பெயர். பக்கம் 1-இல் Kayalvili Murugesan என்றும், சம்பளப் பின்னிணைப்பில் M. Kayalvizhi என்றும் உள்ளது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் உள்ளபடி இரண்டு இடத்திலும் Kayalvizhi Murugesan என வர வேண்டும். ழகரத்துக்கு zh போடுவதில் எல்லோருக்கும் கை தவறும், அது பெரிய குறையில்லை. ஆனால் இந்தத் தவறான பெயரே உங்கள் ஊழியர் பதிவேட்டுக்கும் போனால், என் பழைய யூ.ஏ.என். எண்ணுடன் பி.எஃப். கணக்கை இணைக்கும்போது பெயர் பொருந்தாமல் நிற்கும். பிறகு நாம் இருவரும் கூட்டு விண்ணப்பம் போட்டு அலைய வேண்டிவரலாம். பதிவேட்டில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அங்கும் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது பதவி. பக்கம் 1-இல் Quality Engineer என உள்ளது. நீங்கள் 06.06.2025 அன்று அனுப்பிய மின்னஞ்சலில் Senior Quality Engineer என்று இருந்தது. நேர்காணலிலும் அதைத்தான் பேசினோம். கடிதத்தின் பின்னிணைப்பிலும் கிரேடு E3, அதாவது சீனியர் நிலை என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே கடிதத்துக்குள் இரண்டும் முரண்படுகின்றன. அனுபவச் சான்றிதழில் பின்னாளில் வரப்போவதும் இந்தப் பதவிப் பெயர்தான் என்பதால், வாய்மொழி உறுதியோடு விட்டுவிட எனக்கு மனமில்லை.

பேனாவால் அடித்துத் திருத்தியோ, சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றோ வேண்டாம் மேடம். 'திருத்தப்பட்டது' என்று குறிப்பிட்டு முழுக் கடிதத்தையும் பின்னிணைப்போடு புதிதாக அனுப்புங்கள். பழைய கையொப்ப லிங்கை ரத்து செய்துவிட்டால், தவறான பிரதி எங்கும் உலவாது.

நேரம்தான் இறுக்கமாக இருக்கிறது. இப்போதைய நிறுவனத்தில் எனக்கு நோட்டீஸ் 30 நாள். ஜூலை 21 அன்று உங்களிடம் சேர வேண்டுமானால் ஜூன் 20-க்குள் ராஜினாமா கொடுக்க வேண்டும். கையெழுத்தான சரியான கடிதம் இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே 16.06.2025 திங்கட்கிழமைக்குள் புதிய கடிதம் கிடைத்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். ஒப்புதலுக்கு மேலிடம் போக வேண்டியிருந்தால், கையெழுத்திட்டு அனுப்ப நீங்கள் தந்த 17-ஆம் தேதி என்ற கெடுவை 19 வரை நீட்டித்து ஒரு வரி பதில் போடுங்கள்.

பான் அட்டை, எண் மறைத்த ஆதார், உங்கள் 06.06.2025 மின்னஞ்சல், தவறான இடங்களில் வட்டமிட்ட இரண்டு பக்கங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மு. கயல்விழி
கோயம்புத்தூர்
13.06.2025