பருவ முடிவு அறிக்கை: எண்கள் சொல்லும் நம் அணியின் கதை

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன வருடம் நான் கொடுத்த அறிக்கையில் அட்டவணைதான் அதிகம். "எண்களைக் கொடுத்துவிட்டீர்கள், அர்த்தம் யார் சொல்வது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இந்த முறை அட்டவணை இல்லை. ஸ்கோர் புத்தகத்தின் 14 ஆட்டங்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, எனக்குத் தெரிந்ததைப் பேச்சுபோல எழுதியிருக்கிறேன்.

8 அணிகள் ஆடிய 50 ஓவர் லீக்கில் நாம் 8 ஆட்டம் வென்றோம், 5 தோற்றோம், ஒன்று மழையில் போனது. மொத்தம் 17 புள்ளி. நான்காவது வந்த அணிக்கும் அதே 17 புள்ளிதான். முதல் நான்கு அணிகளுக்குத்தான் அரையிறுதி. அவர்கள் உள்ளே போனார்கள், நாம் ஐந்தாவதாக வெளியே நின்றோம். இரு அணிகளையும் பிரித்தது நெட் ரன் ரேட். அவர்களுடையது +0.02, நம்முடையது −0.06.

இந்த நெட் ரன் ரேட் என்ன என்று பல உறுப்பினர்கள் கேட்டீர்கள். கணக்கு எளிமையானதுதான். பருவம் முழுக்க ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து, ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம் என்பதைக் கழிக்க வேண்டும். நாம் எடுத்தது 638 ஓவரில் 2,603 ரன், அதாவது ஓவருக்கு 4.08. கொடுத்தது 617 ஓவரில் 2,557 ரன், ஓவருக்கு 4.14. கொடுத்தது கொஞ்சம் அதிகம், அதனால்தான் மைனஸ்.

இதில் ஒரு விதி இருக்கிறது, அதுதான் நம்மை அடித்தது. ஓர் அணி 50 ஓவர் முடியும் முன்பே ஆல் அவுட் ஆனால், அது ஆடிய ஓவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழு 50 ஓவரும் ஆடியதாகவே கணக்கு வைப்பார்கள்.

பட்டியலில் முதலிடம் பிடித்த அணியுடன் நாம் ஆடிய ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 26 ஓவரில் 84 ரன்னுக்கு ஆல் அவுட். கடைசி ஆறு விக்கெட் வெறும் 19 ரன்னுக்குள் விழுந்திருக்கிறது. 24 ஓவர் தொடப்படாமலேயே கிடந்தது. ஆனாலும் கணக்கில் 50 ஓவரில் 84 ரன் என்றுதான் ஏறியது. அப்புறம் அவர்கள் 19 ஓவரில் 85 ரன்னை எடுத்துவிட்டார்கள். அந்த 19 ஓவரில் மட்டும் நாம் போட்ட வைட் 12. ஆட்டம் போய்விட்டது என்று எல்லோரும் மனதில் முடிவு செய்துவிட்டது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த ஒரே ஆட்டத்தை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் நம் ரேட் +0.15. சரி, அந்த ஆட்டத்தில் ஜெயித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நிதானமாக நின்று 130 எடுத்து, அதை அவர்கள் 35 ஓவரில் எட்டி, நாம் தோற்றிருந்தாலும் நம் ரேட் +0.04 ஆகியிருக்கும். அரையிறுதிக்கு அதுவே போதும். தோல்வியிலும் எப்படித் தோற்கிறோம் என்பதற்கு விலை உண்டு என்பதை நம் ஆட்டக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு. பருவத்தின் நடுவிலேயே நான் இதைக் கேப்டனிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, கேட்ச். நம்மிடம் வந்த 71 கேட்ச்களில் 48 பிடித்தோம், 23 விட்டோம். மூன்று வந்தால் இரண்டுதான் கையில் நின்றது. விட்ட பிறகு அந்த ஆட்டக்காரர்கள் சேர்த்த ரன் மொத்தம் 312. நாம் 28 ரன்னில் தோற்ற ஆட்டத்தில், எதிரணித் தொடக்க ஆட்டக்காரர் 6 ரன்னில் இருக்கும்போது ஸ்லிப்பில் ஒரு கேட்ச் கொடுத்தார். மூன்றாவது ஓவர், நேராகக் கைக்கு வந்த பந்து. தவறியது. அவர் 94 வரை போனார். அவர் அப்போதே அவுட் ஆகியிருந்தால் அடுத்து வருபவரும் ரன் எடுத்திருப்பார்தான், அதனால் 88 ரன்னையும் அந்தக் கேட்ச் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் 28 ரன் வித்தியாசம் என்பது அதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். 23 தவறுகளில் 11 ஸ்லிப்பிலும் விக்கெட் கீப்பர் பக்கமும் நடந்தவை. அந்த இடத்தில் நாம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

வைட் பற்றிச் சுருக்கமாக: நாம் கொடுத்தது 143, எதிரணிகள் நமக்குக் கொடுத்தது 98. வைட் என்றால் ரன்னும் போகும், அந்தப் பந்தையும் திரும்பப் போட வேண்டும். கணக்குப் பார்த்தால் நம் பந்துவீச்சாளர்கள் கிட்டத்தட்ட 24 ஓவர் வீணாக ஓடியிருக்கிறார்கள்.

பேட்டிங் சராசரியைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். எடுத்த ரன்னை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவதுதான் சராசரி. நம் தொடக்க ஆட்டக்காரரின் சராசரி 33.5, அணியில் இவருக்குத்தான் முதலிடம். ஆனால் அவருடைய 402 ரன்னில் 209 இரண்டே ஆட்டத்தில் வந்தது. மூன்றாவதாக இறங்குபவரின் சராசரி 28தான். அவர் 13 தடவை ஆடியதில் 10 தடவை 20-ஐத் தாண்டினார். ஒருவர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பவர், மற்றவர் ஆட்டம் கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்பவர். இரண்டு பேரும் வேண்டும்.

பந்துவீச்சில் எனக்கு ஒரு கோரிக்கை. வருடா வருடம் அதிக விக்கெட் எடுத்தவருக்குப் பரிசு கொடுக்கிறோம். இந்த முறை அது 21 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளருக்குப் போகும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நம் சுழற்பந்து வீச்சாளரின் எண்ணையும் பாருங்கள்: 104 ஓவர், 333 ரன், 9 விக்கெட். ஓவருக்கு 3.2 ரன். அணியில் வேறு யாரும் அதன் பக்கத்தில் இல்லை. அவர் ஒரு முனையைக் கட்டிப்போட்டதால்தான் எதிரணியினர் மறுமுனையில் அவசரப்பட்டு அடித்து அவுட் ஆனார்கள். அவருக்கு ஒரு சிறப்புப் பரிசு தர வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மழையில் போனது போக, 13 ஆட்டம் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்து யாரையும் அணியிலிருந்து நீக்க வேண்டாம். கேட்ச், வைட் இரண்டும் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தவை, அதனால் அவற்றை நம்பலாம். தனி ஆளின் சராசரி இரண்டு நல்ல ஆட்டத்தில் தலைகீழாகிவிடும்.

குழு முடிவு செய்ய வேண்டியவை மூன்று. ஸ்லிப்பில் நிற்க இரண்டு பேரைப் பயிற்சியாளர் இப்போதே தேர்ந்தெடுத்து, அடுத்த பருவம் முழுக்க அவர்களையே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி இருபது நிமிடத்தைக் கேட்ச்சுக்கு ஒதுக்க வேண்டும். ஐந்தாவது ஆட்டத்திலிருந்து நெட் ரன் ரேட் கணக்கை உடைமாற்றும் அறையில் எழுதி ஒட்டும் வேலையை என்னிடம் கொடுங்கள். ஸ்கோர் புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த 84 ரன் பக்கத்தை எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்கோரர் மற்றும் புள்ளிவிவரப் பொறுப்பாளர்