வார்ப்பிரும்பு தோசைக்கல், 12 அங்குலம்

இந்தப் பக்கத்தில் இதுவரை கல்லின் படமும் பெயரும் மட்டுமே இருந்தன. இப்போது அளந்து, எடை போட்டு எழுதியிருக்கிறோம்.

விலை ₹1,240, வரி உட்பட. தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு ₹90. குறுக்களவு 30 செ.மீ., கனம் 5 மி.மீ., எடை 2.7 கிலோ. ஒரு கையால் தூக்கிக் கழுவ முடியாதவர்கள் 10 அங்குலக் கல்லைப் பாருங்கள். அடி தட்டை, கேஸ், இண்டக்‌ஷன் இரண்டிலும் வைக்கலாம். கைப்பிடியும் இரும்பே, சுடும், துணி வேண்டும்.

கல் பழக்கப்படாமல்தான் வரும். துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவையுங்கள். நல்லெண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று முறை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பாகப் படிந்து தோசை ஒட்டும். சரியாகப் பழக்கினாலும் முதல் இரண்டு மூன்று தோசை பிய்ந்துதான் வரும். வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.

இதிலேயே சப்பாத்தி போடாதீர்கள், மாவு கருகி எண்ணெய்ப் படிவைக் கெடுத்துவிடும். சூடான கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும்.

உடைந்து வந்தால் 7 நாளுக்குள் படம் அனுப்புங்கள், வேறு கல் தருகிறோம். துருவுக்கு மாற்று கிடையாது. தேய்த்து மறுபடி பழக்கினால் சரியாகிவிடும்.