வேலைக்கு முன், வேலைக்குப் பின்: மடிப்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி, ஆதம்பாக்கம்

பதிவு 1: மடிப்பாக்கம், பாத்ரூம் டைல்ஸ்

முதல் படம் காலை 10 மணிக்கு எடுத்தது, இரண்டாவது மதியம் 2 மணிக்கு. அதே இடத்தில் நின்று, அதே டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தோம். ஃபில்டர் எதுவும் போடவில்லை.

குழாய்க்குக் கீழே வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிந்திருக்கிறதே, அது அழுக்கு இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசலில் துணியை நனைத்து டைல்ஸில் ஒட்டி 20 நிமிடம் விட்டோம். அதற்குப் பிறகு பிரஷ்ஷுக்கே பெரிய வேலை இல்லை.

மேல் வரிசையில் நான்கு டைல்ஸ் மட்டும் மங்கலாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு யாரோ கடை ஆசிட்டை நேராக ஊற்றியிருக்கிறார்கள், மேல்பூச்சே அரித்துப்போயிருக்கிறது. அது திரும்ப வராது, மாற்றத்தான் வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டோம்.

இரண்டு ஆள், 4 மணி நேரம், 1,800 ரூபாய். ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் ரொம்ப ஆபத்து.

பதிவு 2: நங்கநல்லூர், மாடியில் தண்ணீர் வராத வீடு

முதல் படத்தில் என் கையில் இருப்பது முக்கால் இஞ்ச் ஜிஐ பைப்பின் ஒரு துண்டு. உள்ளே பாருங்கள், பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். மற்றதெல்லாம் துரு. வீடு கட்டும்போது போட்ட பைப் என்று மாமி சொன்னார்கள், வீட்டுக்கு வயது 35க்கு மேல்.

இதற்கு முன் வந்தவர் "பிரஷர் பம்ப் வையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பம்ப் சத்தம் தெருமுனை வரை கேட்டது, தண்ணீர் மட்டும் வரவில்லை. அடைத்த பைப்பில் எவ்வளவு தள்ளினால் என்ன? போதாததற்கு, துருப்பிடித்த ஜாயிண்ட்டில் ஒழுகலும் ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் போனதும் செய்த முதல் வேலை, குழாய்க்கடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பார்த்ததுதான். நிரம்ப 7 நிமிடம் ஆனது. அப்புறம் டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா, குழாய் முனையின் சல்லடையில் மண் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தோம். சில வீடுகளில் அந்தச் சல்லடையைக் கழுவி மாட்டினாலே கதை முடிந்துவிடும், பைப் வரை போகவே வேண்டாம். இங்கே அப்படி இல்லை.

சுவரை உடைக்கவில்லை. பழைய லைனை உள்ளேயே விட்டு மூடிவிட்டு, வெளிச்சுவர் வழியாக சிபிவிசி பைப் இறக்கினோம். இரண்டாவது படத்தில் பைப் வெள்ளையாகத் தெரிவது அழகுக்கு இல்லை. வெயில் நேராகப் பட்டால் சிபிவிசி நாளாக நாளாக நொறுங்கும், அதனால் பெயிண்ட் அடித்தோம்.

இப்போது அதே பக்கெட் ஒன்றரை நிமிடத்தில் நிரம்புகிறது, வீடியோ கடைசியில் இருக்கிறது. பின்னணியில் "போதும்பா, மூடு, தண்ணி வீணாகுது" என்று கேட்பது மாமி குரல்.

ஒன்றரை நாள் வேலை. சாமான் 6,900, கூலி 4,500. கடை பில்லை மாமியிடமே கொடுத்துவிட்டோம். பம்ப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறோம்.

பதிவு 3: வேளச்சேரி, அடைத்த சிங்க்

மாவரைத்த பாத்திரம் கழுவிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிட்டது. சிங்க்கின் கீழே வளைவு ட்யூப் தொங்கிப்போய் அங்கேயே தேங்கியிருந்தது. கழற்றிக் கழுவி, நீளத்தைக் குறைத்து மாட்டினோம். 40 நிமிடம், 350 ரூபாய். முதல் படம் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், சாப்பிடும் நேரத்தில் பார்க்காதீர்கள்.

பதிவு 4: மழைக்கு முன், ஆதம்பாக்கம் சம்ப்

6,000 லிட்டர் சம்ப், நான்கு வருடமாகத் திறக்கவே இல்லை. முதல் படத்தில் அடியில் கணுக்கால் அளவு சேறு. இரண்டாவது படத்தில் தரை தெரிகிறது, மூடியின் விளிம்பில் புது ரப்பர் தெரிகிறது. அந்த ரப்பர்தான் முக்கியம். வடகிழக்கு மழையில் தெருத் தண்ணீர் உள்ளே இறங்குவது மூடி வழியாகத்தான்.

மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகுதான் ஆள் இறங்குவார், மேலே ஒருவர் கூடவே நிற்பார். அதனால் அரை நாள் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

செப்டிக் டேங்க்கும் செய்வீர்களா என்று கேட்கிறார்கள். மாட்டோம். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் அதில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013 சட்டப்படி குற்றம், இயந்திர லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அக்டோபர் நெருங்கினால் சம்ப் வேலைக்கு நாள் கிடைப்பது கஷ்டம். உங்கள் சம்ப்பையோ குழாயையோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எங்கள் பக்கத்தின் மேலேயே எண் இருக்கிறது. தோராயமான தொகையை அன்றே சொல்லிவிடுகிறோம். நேரில் வந்து பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஏரியா நங்கநல்லூர், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், வேளச்சேரி மட்டும்.