சாமானியர்கள் அணியின் தொடக்க உரை

நடுவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, எதிரணியில் குறிப்புத்தாளோடு காத்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரலாற்றை நாயகர்கள் வழியாகக் கற்பிப்பதா, சாமானியர்கள் வழியாகவா என்பது கேள்வி. நான் சாமானியர்கள் பக்கம். நாயகர்களைப் புத்தகத்திலிருந்து கிழித்துப் போடச் சொல்லவில்லை. அவர்கள் பெயரோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கோத்தகிரிப் பிள்ளைகள் நமக்கு ஜான் சல்லிவனைத் தெரியும். கோவை கலெக்டர், மலையேறி வந்தார், கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், அப்புறம் ஊட்டி நகரமானது. சரி, அவர் ஏறி வந்தபோது மலை காலியாகவா கிடந்தது? தோடர்கள் எருமை வளர்த்தார்கள், படகர்கள் பயிர் செய்தார்கள், கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்து கொடுத்தார்கள். ஒருவர் பண்டம் இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பாடத்தை சல்லிவனில் தொடங்கினால் இந்த வாழ்க்கை முழுவதும் முன்னுரைக்குள் சுருங்கிவிடுகிறது.

அடுத்தது 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். தேர்வில் வந்தால் இரண்டு மார்க். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒன்றரை லட்சம் பேரைப் "பிறகு" என்று தள்ளி வைத்தார்கள்! அந்தப் பேச்சு முடிய 1974 ஆனது. அங்கே தேயிலைக் கொழுந்து பறித்த ஒருவரிடமாவது யாராவது கேட்டார்களா? அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, வந்தவர்களில் பலர் நம் மலையில் அரசு நடத்தும் டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பாட்டி சொல்வதெல்லாம் வரலாறாகுமா என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்விதான். பாட்டிக்கு வருடம் தவறலாம், ஊர்ப்பெயர் மாறலாம். அதனால்தான் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் முகாமில் கொடுத்த அட்டையையும் எடுத்து ஒப்பிடச் சொல்கிறோம். வாய்மொழியைக் காகிதத்தோடு உரசிப் பார்க்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவரால் செய்ய முடியும். நாயகரின் வாழ்க்கைக் குறிப்பை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. நாயகர்களைப் பற்றி மட்டும் யாரும் மிகைப்படுத்துவதில்லையா என்ன?

எதிரணித் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பிரதமர்களை மட்டும் வைத்து இந்த ஒப்பந்தத்தை எங்களுக்கு நடத்திக் காட்டுங்கள். நடுவில் ஒரு மாணவர் எழுந்து, "அண்ணனும் தம்பியும் ஏன் சார் பிரிந்தார்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.